சாத்திய ஏணி எப்போது சறுக்கும்?

ஏணியைச் சுவரில் சாத்தும்போது, அதன் அடியைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்று நாம் யாரும் அளவுகோல் கொண்டு பார்ப்பதில்லை. கண் மதிப்பில் சாத்துகிறோம், கையால் ஒருமுறை அசைத்துப் பார்க்கிறோம், அசையாவிட்டால் ஏறிவிடுகிறோம். இந்தச் சோதனை எவ்வளவு ஏமாற்றக் கூடியது என்பதை இக்கட்டுரையின் இறுதிக்குள் நீங்களே கணக்கிட்டுக் காணலாம்.

லோனி என்னும் ஆங்கிலேயக் கணித ஆசிரியர் 1890-இல் வெளியிட்ட நிலையியல் நூல் நம் நாட்டுக் கல்லூரிகளில் பல தலைமுறைகளுக்குப் பாடமாக இருந்தது. சொரசொரப்பான தரையில் ஊன்றி, சொரசொரப்பான சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணி, எந்தக் கோணத்துக்குக் கீழே சறுக்கும் என்ற கணக்கு அதில் உண்டு. அக்கணக்கைப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் அதற்கு விடை காண்பதற்குத் தேவையான கருத்துகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயிற்று என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

முதற் கருத்து பாரிஸ் நகரில் பிறந்தது. இளமையிலேயே செவிப்புலனை இழந்த கியோம் அமாண்டன்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், 1699-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்குள்ள அறிவியற் கழகத்தின் முன் தம் ஆய்வைப் படித்தார். இரும்பு, ஈயம், செம்பு, மரம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இழுத்துப் பார்த்து அவர் இரு முடிவுகளைக் கண்டிருந்தார். உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் சுமைக்கு நேர் விகிதத்தில் உள்ளது என்பது ஒன்று. தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பின் அளவைப் பொறுத்து அது மாறுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது முடிவைக் கழகத்தார் எளிதில் நம்பவில்லை. தெ லா ஈர் என்னும் உறுப்பினர் தாமே சோதனை செய்து பார்த்து, அது சரிதான் என்று உறுதி கூறினார். இவ்விரு உண்மைகளையும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அக்குறிப்புகள் அச்சேறாமற் கிடந்ததால் யாருக்கும் பயன்படவில்லை.

உராய்வு, சுமையில் மூன்றில் ஒரு பங்கு என்பது அமாண்டன்ஸ் கண்ட அளவு. எல்லாப் பொருள்களுக்கும் இந்த ஒரே எண் பொருந்தும் என்றும் அவர் எண்ணினார். அவர் தம் பரப்புகளுக்கெல்லாம் பன்றிக் கொழுப்பைத் தடவியிருந்தார். ஆகவே உலோகத்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்தக் கொழுப்பிலேயே மறைந்துவிட்டது! இருந்தாலும் அந்த எண்ணை நாம் கடன் வாங்கிக்கொள்வோம். கணக்கு அழகாக முடியும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அமாண்டன்ஸுக்குச் சில ஆண்டுகள் பின்னர், அந்துவான் பாரான் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் உராய்வைக் கோணமாகக் காட்டும் வழியைக் கண்டார். ஒரு பலகையின்மேல் ஒரு கட்டையை வைத்து, பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஏதோ ஒரு சாய்வில் கட்டை வழுக்கத் தொடங்கும். அந்தச் சாய்வே அவ்விரு பரப்புகளின் உராய்வுக் கோணம். உராய்வு மூன்றில் ஒரு பங்கானால் இக்கோணம் ஏறத்தாழ 18½ பாகை.

இக்கோணத்துக்கு வேறொரு பொருளும் உண்டு. ஏணிக்கு அதுதான் வேண்டும். ஒரு பரப்பு தன்மேல் ஊன்றிய பொருளைத் திருப்பித் தள்ளுகிறது. உராய்வே இல்லையென்றால் அத்தள்ளல் பரப்புக்குச் செங்குத்தாக மட்டுமே இருக்கும். உராய்வு இருந்தால் தள்ளல் சற்றுச் சாயலாம். ஆனால் உராய்வுக் கோணத்துக்கு மேல் அதனாற் சாய இயலாது. அந்த எல்லையைத் தொடும்போதுதான் பொருள் வழுக்கும் தறுவாயில் இருக்கிறது.

இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தரையில் ஏணியின் அடி, அதை 'க' என்போம். வலப்பக்கம் சுவரில் ஏணியின் தலை, அது 'த'. ஏணியின் நடுப்புள்ளி 'ந'; ஏணி சீரானது என்றால் அதன் எடை முழுவதும் இங்கிருந்து கீழ்நோக்கி இழுக்கிறது. தரையின் தள்ளல் 'க'விலிருந்து மேல்நோக்கி எழுந்து, சுவர்ப்பக்கமாகச் சாய்கிறது. சுவரின் தள்ளல் 'த'விலிருந்து கிடையாகப் புறப்பட்டு, சற்று மேல்நோக்கிச் சாய்கிறது. மூன்று விசைகள் ஒரு பொருளை அசையாமல் நிறுத்த வேண்டுமானால், அவற்றின் கோடுகள் ஒரே புள்ளியிற் சந்திக்க வேண்டும். அப்புள்ளியை 'ச' என்போம். எடையின் கோடு செங்குத்தானது. ஆகவே 'ச', நடுப்புள்ளி 'ந'வுக்கு நேர் மேலே அமையும்.

தரையும் சுவரும் ஒரே அளவு சொரசொரப்பானவை என்று கொள்வோம். சறுக்கும் தறுவாயில் ஒரு தள்ளல் செங்குத்துக் கோட்டிலிருந்து உராய்வுக் கோண அளவு திரும்பியுள்ளது. மற்றொன்று கிடைக்கோட்டிலிருந்து அதே அளவு திரும்பியுள்ளது. எனவே இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. 'க ச த' ஒரு செங்கோண முக்கோணமாகிறது. ஏணிதான் அதன் கர்ணம். கர்ணத்தின் நடுப்புள்ளி மூன்று முனைகளுக்கும் சம தூரத்தில் இருக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே 'ந ச', 'ந க' இரண்டும் சம நீளம். அவற்றை எதிர்நோக்கும் கோணங்களும் சமம். 'ச'வில் உள்ள கோணம் உராய்வுக் கோணம் என்பது நமக்கு முன்பே தெரியும். அப்படியானால் 'க'வில் உள்ளதும் அதுவே. எனவே செங்குத்துக் கோட்டிலிருந்து ஏணி சாயக்கூடிய எல்லை, உராய்வுக் கோணத்தைப் போல் சரியாக இரு மடங்கு!

அமாண்டன்ஸின் எண்ணைப் போட்டால் இது ஏறத்தாழ 37 பாகை. தரையோடு ஏணி செய்யும் மிகச் சிறிய கோணம் 53 பாகை. 5 மீட்டர் ஏணியானால் அடி சுவரிலிருந்து 3 மீட்டரில் இருக்கும். தலை 4 மீட்டர் உயரத்தில் இருக்கும். பித்தகோரஸின் 3, 4, 5 முக்கோணமே வந்து நிற்கிறது பாருங்கள்.

ஏன் சறுக்கும் தறுவாயையே கேட்கிறோம் என்று சிலர் வினவலாம். ஏணி உறுதியாக நிற்கும்போது சுவரின் உராய்வு எவ்வளவு, தரையின் உராய்வு எவ்வளவு என்று நிலையியற் சமன்பாடுகளால் மட்டும் கூற இயலாது. தெரியாத விசைகள் நான்கு, சமன்பாடுகள் மூன்று. எல்லையை அடையும்போது மட்டுமே இரு உராய்வுகளும் தம் முழு அளவை எட்டி, கணக்குக்கு விடை தருகின்றன.

சரி, சுவரை மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிவிட்டால் என்ன ஆகும்? எல்லைக் கோணம் 53 பாகையிலிருந்து 56 பாகைக்கு உயரும். அடியை 3 மீட்டருக்குப் பதில் 2.77 மீட்டரில் வைக்க வேண்டும். சுவரின் சொரசொரப்பு நமக்கு ஈட்டித் தந்தது 23 சென்டிமீட்டர்தான். மாறாக, சுவரை அப்படியே விட்டுவிட்டுத் தரையை வழவழப்பாக்கினால், ஏணி எந்தச் சாய்விலும் நில்லாது. காரணம் எளிது. ஏணியின் அடியைத் தரை எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ, அவ்வளவுதான் தலை சுவரை அழுத்தும். அழுத்தம் இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. சுவர் தரும் உதவி தரையிடம் வாங்கிய கடனே.

இதுவரை ஏணி வெறும் ஏணியாக நின்றது. இனி அதில் ஒருவரை ஏற்றுவோம். ஏணியின் எடை 20 கிலோகிராம், ஏறுபவர் எடை 60 கிலோகிராம் என்க. அவர் மேலே செல்லச் செல்ல, இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையமும் ஏணியின் வழியே மேலேறுகிறது. எடையின் கோடு சுவரை நோக்கி நகர்கிறது. அவர் ஏணியின் கீழ்ப்பாதியில் இருக்கும்வரை, அவருடைய எடை ஏணியைத் தரையோடு அழுத்தி உறுதிப்படுத்துகிறது. நடுவைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது.

அடியை 3 மீட்டரில் வைக்காமல், எச்சரிக்கையாக 2.4 மீட்டரில் வைத்தோம் என்று கொள்வோம். வெறும் ஏணியை அசைத்தால் அசையாது. அவர் ஏறுகிறார், ஒவ்வொரு படியிலும் ஏணி உறுதியாகவே இருக்கிறது. ஏணியின் வழியே 3.5 மீட்டரைக் கடந்ததும் அடி வழுக்குகிறது. அப்போது அவர் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பார். தொடக்கத்திற் சொன்ன அசைத்துப் பார்க்கும் சோதனை எங்கே தவறுகிறது என்பது இப்போது விளங்கும். அது வெறும் ஏணியைச் சோதிக்கிறது, உச்சியில் ஆள் நிற்கும் ஏணியை அன்று.

அவர் உச்சிவரை ஏற வேண்டுமானால் அடி 1.8 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எடையற்றது என்று சொல்லத்தக்க இலேசான ஏணியானால் எடையின் கோடு 'த' வழியாகவே செல்லும்; தரையின் தள்ளலும் 'த'வையே நோக்க வேண்டும். அந்நிலையில் செங்குத்திலிருந்து ஏணியின் சாய்வு உராய்வுக் கோணத்தின் இரு மடங்கு அன்று, ஒரு மடங்குதான். சுவர் எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும் இவ்விடை மாறாது! ஆபத்து மிகுந்த அந்த நிலையில் சுவர் கைவிட்டுவிடுகிறது.

மற்றொருவர் அடிப்படியில் ஏறி நின்றாலோ? அவர் எடையும் 60 கிலோகிராம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். உச்சியில் ஒருவர், அடியில் ஒருவர், நடுவில் ஏணியின் எடை. மொத்த ஈர்ப்பு மையம் மீண்டும் நடுப்புள்ளிக்கே இறங்கிவிடுகிறது. 3 மீட்டர் எல்லை திரும்பக் கிடைக்கிறது. வெறுமனே கையால் பிடித்துக்கொண்டு நிற்பவரைவிட, அடிப்படியை மிதித்து நிற்பவரே ஏறியவருக்கு உண்மையான துணை.

வழுக்கத் தொடங்கிய ஏணி ஏன் இடையில் நிற்பதில்லை என்பதற்கு 1748-இல் ஆய்லர் விடை தந்தார். பலகையை மிக மெதுவாகச் சாய்த்தாலும் கட்டை மெதுவாக நகரத் தொடங்குவதில்லை, சட்டென்று வேகமெடுக்கிறது. இதிலிருந்து, ஓய்வில் உள்ள பொருளின் உராய்வைவிட நகரும் பொருளின் உராய்வு குறைவு என்று அவர் கண்டார். உராய்வுக் கெழுவுக்கு இன்று நாம் எழுதும் μ என்ற எழுத்தும் அவர் இட்டதே. ஏணியின் அடி முதற்கணம் நகர்ந்தவுடன் பிடிப்புக் குறைகிறது, கோணமும் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று விரைவுபடுத்துகின்றன.

எல்லாப் பொருள்களுக்கும் ஒரே எண் என்ற அமாண்டன்ஸின் எண்ணத்தைக் கைவிடச் செய்தவர் கூலும். மின்னியலில் நாம் அறிந்த அதே கூலும்தான். படைப்பொறியாளரான அவர் ரோஷ்ஃபோர் துறைமுகத்திற் பெரிய சுமைகளைக் கொண்டு சோதனை செய்து, 1781-இல் பாரிஸ் கழகத்தின் பரிசைப் பெற்றார். உலர்ந்த ஓக் மரத்தின்மேல் ஓக் மரத்தை இழைப்போக்கில் இழுத்தபோது உராய்வு மூன்றில் ஒரு பங்கைவிட அதிகம், 0.4-க்கும் சற்று மேல் இருந்தது. மரப்பரப்புகளை நெடுநேரம் தொட்டபடி விட்டு வைத்தால் பிடிப்பு மிகுவதையும் அவர் அளந்தார். நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற மர ஏணியும் இப்போதுதான் சாத்திய மர ஏணியும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படா.

இன்று தொழிற்கூடங்களிற் கூறப்படும் விதி இது: தலை எட்டும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரத்தில் அடியை வை. கோணம் ஏறத்தாழ 76 பாகை. 5 மீட்டர் ஏணிக்கு 1.2 மீட்டர். ஏறுபவர் உச்சியில் நிற்கும்போதும் தரை 0.25 அளவு உராய்வு தந்தாற் போதும். ஆனால் எண்ணெய் சிந்திய சிமெண்டுத் தரையில் உராய்வு 0.2-ஆகக் குறைந்திருந்தால், உச்சிக்குத் தேவையான கோணம் 79 பாகைக்கு அருகில் சென்றுவிடும். அங்கு நான்கில் ஒரு பங்கு விதி போதாது. அவ்வளவு செங்குத்தாக நிறுத்தினாலோ ஏணி பின்புறமாகக் கவிழும் அச்சம் உண்டு. அப்போது சுவரை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்க வேண்டும், அல்லது ஏணியின் அடியைக் கயிற்றால் கட்ட வேண்டும்.