முதல் வீடு வாங்கும் தம்பதி: கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா? கெரானில் யார் பெயர் என்பதில் தொடங்குகிறது பதில்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245. சொந்த வீட்டுக்காக அவர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது வட சிலாங்கூரில் எல்லாரும் அறிந்த கதை. அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. பட்டியலில் பெயர் ஏறியபோது ஒரு குடும்பமாக இருந்தவர்கள், காத்திருந்த காலத்தில் இரண்டு மூன்று குடும்பங்களாகப் பெருகிவிட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள், மணம் முடித்தார்கள், பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வீட்டுக் கணக்கில் அவர்கள் இன்னும் ஒரு குடும்பம்தான்.

தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. தனியார் துறையில் ஓய்வு வயது 60. அதைத் தொட்டதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை வருகிறது. அதனால் ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளை முதல் வீடு தேடும்போது, தனக்கும் மனைவிக்கும் மட்டும் தேடுவதில்லை. அப்பா அம்மா எங்கே போவார்கள் என்ற கேள்வி கூடவே வருகிறது. பட்டணத்தில் கூட்டுக் குடும்பம் என்பது பெரும்பாலும் விருப்பம் சார்ந்த விஷயம். இங்கே அதற்குத் தேதியும் குறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த அவசரத்தில் பெரும்பாலான வீடுகளில் முதலில் பேசப்படுவது யார் எந்த அறை, யார் சமைப்பது என்பதுதான். கடன் பத்திரத்திலும் நிலப்பட்டாவிலும், அதாவது கெரானிலும், யார் பெயர் இருக்கும் என்பது முன்பணம் கட்டிய பிறகே பேச்சுக்கு வருகிறது. முறை தலைகீழாக இருக்க வேண்டும். சேர்ந்து வாழ்வதா, தனியாக வாழ்வதா என்பதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பத்திரத்தில் ஏறிய பெயரை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மகனுக்கு வயது 30, தொழிற்சாலையில் மாதம் 3,200 வெள்ளி. மருமகள் தனியார் பாலர் பள்ளியில் 2,300 வெள்ளி பெறுகிறார். அப்பாவுக்கு 58 வயது, தோட்ட வேலை முடிய இன்னும் இரண்டு ஆண்டு. வீட்டின் விலை 300,000 வெள்ளி, வங்கிக் கடன் 90 விழுக்காடு, அதாவது 270,000 வெள்ளி. வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு ஏற்கெனவே 600 வெள்ளி கார் கடனும் இருக்கிறது.

"குடும்பத்துக்கு ஒரே பெரிய வீடு, அப்பா பெயரும் இருக்கட்டும்" என்று தொடங்குவது வழக்கம். வீட்டுக் கடனை 35 ஆண்டு வரை அல்லது கடன் வாங்குபவருக்கு 70 வயது ஆகும்வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரை கொடுப்பதே வங்கிகளின் பொது நடைமுறை. இருவர் சேர்ந்து வாங்கினால் யாருடைய வயதைக் கணக்கில் எடுப்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். அப்பாவின் வயதை எடுத்தால் கிடைப்பது 12 ஆண்டுதான். மாதத் தவணை சுமார் 2,364 வெள்ளி. அதே கடனை மகனும் மருமகளும் 35 ஆண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 1,195 வெள்ளி. 35 ஆண்டில் மொத்த வட்டி கூடும் என்பது உண்மைதான். ஆனால் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தை நெருக்குவது மாதத் தவணை.

மகன் தனியாக வாங்க முடியுமா? 1,195 வெள்ளித் தவணையும் 600 வெள்ளி கார் கடனும் சேர்ந்தால் 1,795. அவருடைய சம்பளத்தில் அது பாதிக்கும் மேல் போய்விடுகிறது, வங்கி தயங்கும். மருமகளின் சம்பளமும் சேர்ந்தால் 5,500 வெள்ளியில் அது மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் பெயர் எதற்காகத் தேவைப்பட்டதோ, அந்த வேலையை மருமகளின் சம்பளச் சீட்டே செய்துவிடுகிறது. அவர் பலகாரம் செய்து விற்பவராக, தையல் வேலை செய்பவராக இருந்து சம்பளச் சீட்டு இல்லாவிட்டால், நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களுக்கான எஸ்ஜேகேபி வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பற்றி வங்கியில் கேட்கலாம்.

அப்பாவின் இபிஎப் பணத்தை எடுக்க அவர் பெயர் வேண்டுமே என்பது அடுத்த வாதம். 55 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு இது ஓரளவு சரி. வீடு வாங்கப் பணம் எடுக்க வேண்டுமானால் அந்த வீட்டில் அவருக்கும் பெயர் இருக்க வேண்டும், மனைவிக்கோ கணவருக்கோ உதவ எடுப்பது இதற்கு விதிவிலக்கு. ஆனால் 55 வயதைத் தாண்டியவர் அதுவரை சேர்ந்த சேமிப்பை எந்தக் காரணமும் காட்டாமல் எடுக்கலாம். 58 வயது அப்பா 30,000 வெள்ளி முன்பணத்தைக் கொடுத்து உதவ, கெரானில் பெயர் போட வேண்டிய அவசியமே இல்லை. இது தெரியாமலே பல வீடுகளில் மூத்தவர்களின் பெயர் பத்திரத்தில் ஏறியிருக்கும்.

முதல் வீடு என்ற சலுகையும் இதில் அடங்கியிருக்கிறது. 500,000 வெள்ளிக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. மேற்கண்ட வீட்டுக்கு மாற்றுப் பத்திரத்தின் முத்திரை வரி 5,000 வெள்ளி, கடன் பத்திரத்துக்கு 1,350 வெள்ளி. மொத்தம் 6,350 வெள்ளி மிச்சம். ஆனால் வாங்குபவர் யாருமே இதற்கு முன் குடியிருப்பு வீடு எதையும் கொண்டிருக்கக்கூடாது. வாரிசாக வந்த பங்கும், கூட்டாக வைத்திருந்த பங்கும் கணக்கில் சேரும். அண்ணன் வீட்டுக்கு "சும்மா ஒரு பெயர்" போட்ட தம்பி, நாளை தன் மனைவியோடு வாங்கும் வீட்டுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. தம்பியை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், பத்திரத்தோடு சேர்க்கத் தேவையில்லை.

பேசத் தயங்கும் இடம் இறப்பு. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் சொத்தைப் பிரிக்கும். அப்பாவும் மகனும் பாதிப் பாதியாக ஒரு வீட்டை வைத்திருக்கிறார்கள், தவணை முழுவதையும் கட்டியவர் மகன், அவருக்கு உடன்பிறந்தோர் மூவர் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பாட்டி உயிருடன் இல்லை. அப்பா இறந்தால் அவருடைய பாதி தானாக மகனுக்கு வந்துவிடாது. அதில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக. முடிவில் வீட்டின் 12 பங்கில் மகனுக்கு 7, அம்மாவுக்கு 2, மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒன்று. வீட்டை விற்கவோ மறுகடன் வாங்கவோ ஐந்து பேரின் கையெழுத்து வேண்டும். ஒரு தங்கை மணமாகி ஜொகூரில் இருப்பார், ஒரு தம்பி பேச்சுவார்த்தையில் இருக்க மாட்டார். கடன் காப்புறுதி எடுத்திருந்தால் கடனை அடைக்க உதவும், வீடு யாருக்கு என்பதை அது தீர்மானிக்காது.

அதற்காக அப்பாவின் பெயரை நீக்கினால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஆபத்து மூத்தவர்களுக்கு. லயத்து வீட்டைக் காலி செய்து, இபிஎப் சேமிப்பை மகனின் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மகன் மருமகள் பெயரில் உள்ள வீட்டில் குடியேறுகிறார்கள். அந்த வீட்டில் அவர்களுக்குக் காகிதத்தில் எந்த உரிமையும் இல்லை. மகன் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய பங்கில் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மகனுக்கு வீட்டில் பாதிதான் என்றால் பெற்றோருக்கு வருவது வீட்டில் எட்டில் ஒரு பங்கு. மருமகளுக்கும் அது நிம்மதியான நிலை அல்ல, பெற்றோருக்கும் அல்ல.

தீர்வு மலிவானது, செய்பவர்கள்தான் குறைவு. மகனும் மருமகளும் வீடு வாங்கிய கையோடு உயில் எழுதலாம். பெற்றோர் உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கலாம், உரிமை பிள்ளைகளுக்கு என்று அதில் எழுத முடியும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதால் மணமானவர்கள் புதிதாக எழுத வேண்டும். அப்பா கொடுக்கும் பணம் அன்பளிப்பா, கடனா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது. சேமிப்பு முழுவதையும் கொடுக்காமல் ஒரு பகுதியை அப்பா தன்னிடமே வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. பணம் கையில் உள்ள மாமியாரை வீட்டில் பேசும் விதமே வேறு என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பெயர் விவகாரம் தெளிவான பிறகு சமையலறைக்கு வரலாம். மூன்று அறை கொண்ட ஒரு தரை வீட்டில் மாமனார் மாமியார், தம்பதி, பிள்ளைகள் என்று பிரித்தால் அறைகள் தீர்ந்துவிட்டன. மணமாகாத தங்கை இருந்தால் ஹாலில் படுக்கை. வழக்கமாக நடப்பது பின்புறத்தை நீட்டி இன்னொரு சமையலறை கட்டுவது. கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கட்டினால் பின்னர் இடிக்கச் சொல்லும் கடிதம் வரலாம். அந்த இரண்டாவது அடுப்புதான் பல வீடுகளில் கூட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பதும் உண்மை.

ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்க்குப் பாட்டி வீட்டில் இருப்பதன் மதிப்பை எந்தத் தவணைக் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் அதற்கு ஒரே கூரை தேவைப்படுவதில்லை. தம்பதி தங்கள் பெயரில் சிறிய வீடு ஒன்றை வாங்கி, பெற்றோருக்கு அதே தாமானில் இரண்டு வரிசை தள்ளி வீடு வாடகைக்கு எடுப்பது ஒரு வழி. உடன்பிறந்தோர் அந்த வாடகையைப் பகிர்ந்துகொண்டால், பெற்றோரைப் பார்ப்பது வீடு வாங்கிய பிள்ளையின் தலையில் மட்டும் விழாது. காலையில் பேரப்பிள்ளை பாட்டி வீட்டுக்கு, மாலையில் தன் வீட்டுக்கு. சண்டை வந்தால் மூட அவரவருக்கு ஒரு கதவு.

ஏற்கெனவே அப்பாவும் மகனும் சேர்ந்து வாங்கிவிட்டவர்கள், அப்பா இருக்கும்போதே அவருடைய பங்கை மகனுக்கு மாற்றலாம். 2023 ஏப்ரல் முதல், பெற்றோர் பிள்ளைக்கு அன்பின் பேரில் கொடுக்கும் சொத்தில் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு முத்திரை வரி இல்லை. அண்ணன் தம்பிக்குள் மாற்றினால் இந்த விலக்கு கிடையாது. கடன் இன்னும் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும், மகனின் வருமானம் மட்டும் போதுமா என்று வங்கி மறுபடியும் பார்க்கும். போதாது என்று சொன்னால், அப்பாவின் பாதி யாருக்கு என்று அவர் எழுதும் உயிலே அடுத்த வழி. அதை எழுதும்போது மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிவித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அது கருமாதி வீட்டில்தான் தெரியவரும்.