பொருத்துக: விதியா, படிநிலையா, ஆள்சாராமையா?

1929 நவம்பரில் தென்துருவத்தின் மேல் பறந்த ரிச்சர்ட் பேர்டின் விமானத்தை ஓட்டியவர் பெர்ன்ட் பால்கன். நார்வேயில் பிறந்த அவர், அமெரிக்கக் குடிமகனாகும் விருப்பத்தை 1927இலேயே முறைப்படி அறிவித்திருந்தார். ஆனால் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை என்று 1931இல் குடியுரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அண்டார்டிகாவுக்குப் போன காலத்தில் அவர் நாட்டில் இல்லை என்பது காரணம். அவர் போனது அமெரிக்கக் கொடி பறந்த கப்பலில். அமெரிக்கப் பயணக் குழுவில் ஒருவராக. தங்கியதோ ‘லிட்டில் அமெரிக்கா’ என்று பெயரிடப்பட்ட முகாமில். அந்த இடத்தை அமெரிக்க மண் என்று கொள்ளத் தனக்கு உரிமை இல்லை, அது நாடுகளுக்கிடையிலான விவகாரம் என்று அலுவலகம் விளக்கம் சொன்னது.

நாளிதழில் வந்த இந்தச் செய்தியை ராபர்ட் மெர்ட்டன் 1940இல் எழுதிய கட்டுரையில் எடுத்தாண்டார். அமைப்புக் கோட்பாட்டுப் பாடத்தில் இது நிலைபெற்ற எடுத்துக்காட்டாகிவிட்டது. ‘இந்நிகழ்வு அதிகாரத்துவத்தின் எந்தப் பண்பைக் காட்டுகிறது?’ என்று கேட்டால், மாணவர்களில் பெரும்பாலோர் தயங்காமல் ‘விதிகள்’ என்று எழுதுவார்கள். அந்த விடை தவறில்லை; போதாது. பண்புகளை நிகழ்ச்சிகளோடு பொருத்தப் பழக்குகிறோம். அப்படிப் பழக்கினால் ஒரே நிகழ்ச்சி பல பண்புகளுக்குப் பொருந்தி மாணவர் திணறுவார். பொருத்த வேண்டியது நிகழ்ச்சியை அன்று, முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணத்தை என்பதே என் வாதம்.

பால்கன் கதையில் காரணங்கள் இரண்டு சொல்லப்படுகின்றன. மூன்றாவது ஒன்று சொல்லாமல் உள்ளே நிற்கிறது. ‘ஐந்தாண்டுத் தொடர் வசிப்பு இல்லை’ என்பது முதல் காரணம். இது விதி: வழக்கு வருமுன்பே பொதுவாக வகுக்கப்பட்டது, ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. ‘லிட்டில் அமெரிக்கா எந்த நாட்டு மண் என்று நாங்கள் தீர்மானிக்க முடியாது’ என்பது இரண்டாவது. மாணவர்கள் இதையும் விதி என்றே படிக்கிறார்கள். ஆனால் இங்கே பேசுவது விதியின் உள்ளடக்கம் அன்று, அலுவலகத்தின் எல்லை. மாக்ஸ் வெபர் தம் பண்புப் பட்டியலின் தொடக்கத்திலேயே வைத்த வரையறுத்த அதிகார வரம்பு இதுதான். மூன்றாவதைத் தேடித்தான் காண வேண்டும்: பால்கன் புகழ்பெற்ற விமானி என்பது கணக்கில் வரவே இல்லை. அதுவே ஆள்சாராமை.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி, கதையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. பால்கனின் இடத்தில் யாரும் அறியாத ஒரு கப்பல் சமையல்காரரை வையுங்கள், முடிவு மாறாது. அப்படியானால் அங்கே ஆள்சாராமை இருக்கிறது. அரசுக்கொடி ஏந்திய பயணங்களுக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் முடிவு மாறும். எனவே விதி வேலை செய்கிறது. எல்லைத் தகராறுகளைத் தீர்மானிக்க உரிமையுள்ள வேறொரு துறையிடம் இதே விண்ணப்பம் போயிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும். எனவே அதிகார வரம்பும் வேலை செய்கிறது.

படிநிலை மட்டும் இந்தக் கதையில் இல்லை. கீழே இருந்தவர் மேலே கேட்டதாகவோ, மேலே இருந்தவர் கீழே எடுத்த முடிவைத் திருத்தியதாகவோ செய்தியில் எதுவும் வரவில்லை. அரசு அலுவலகம் என்றாலே படிநிலை இருக்கும் என்று எண்ணி அதைத் தேர்வு செய்பவர், தரப்பட்ட எடுத்துக்காட்டை விட்டுவிட்டுத் தாம் அறிந்த உலகத்தைப் பொருத்துகிறார். படிநிலை என்பதை ‘மேலதிகாரி சொல்வதைக் கேட்பது’ என்று சுருக்குவதும் இதே பிழையின் மறுபக்கம். குறுநிலத் தலைவன் சொல்வதையும் ஆட்கள் கேட்டார்கள். வெபர் சொல்லும் படிநிலை பதவிகளுக்கிடையிலானது. கீழ்நிலை முடிவின் மேல் மேல்நிலைக்கு முறையிட வழி இருக்கும். ஆனால் மேல்நிலை கீழ்நிலையின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இரண்டாம் பாதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால், வட்டாட்சியரின் ஆணையை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்வது படிநிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. நிறுவன முதலாளி நேரே தொழிற்கூடத்துக்கு வந்து ஒரு தொழிலாளியை வேறு இயந்திரத்துக்கு மாற்றுவது அதற்கு மோசமான எடுத்துக்காட்டு. உண்மையில் அது படிநிலையை மீறுவது.

ஆள்சாராமையைப் பற்றிய குழப்பம் இதைவிட ஆழமானது. கவுன்டரில் எரிந்து விழும் எழுத்தரை அதற்கு எடுத்துக்காட்டாக எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். எரிந்து விழுவது அந்த எழுத்தரின் மனநிலை. ஆகவே அது ஆள் சார்ந்தது. வெறுப்பும் விருப்பும் இன்றிப் பணி செய்வதையே வெபர் சொன்னார். தேர்வு விடைத்தாளில் பெயரையும் பதிவெண்ணையும் மறைத்து ‘டம்மி எண்’ இடும் முறையை எண்ணிப் பாருங்கள். எண் இடச் சொல்வது விதிதான். ஆனால் அந்த விதி எதற்காக என்றால், திருத்துபவர் யாருடைய தாள் என்று அறியாமல் இருப்பதற்காக. தாளை எழுதியவர் திருத்துபவரின் மகளாகவே இருந்தாலும் மதிப்பெண் மாறக்கூடாது. எனவே இங்கே ஆள்சாராமையே சரியான விடை. விதி அதைக் காக்கும் கருவி.

ஒரே நிகழ்ச்சியில் இவ்வளவு பின்னியிருந்தால், ஒன்றுக்கு ஒன்று பொருத்தச் சொல்வதே பொருளற்றது என்று ஒருவர் மறுக்கலாம். பண்புகள் எப்போதும் ஒன்றாகவே வருமானால் அந்த மறுப்பு சரி. அப்படி வருவதில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1959இல் ஆர்தர் ஸ்டின்ச்கோம்ப் கட்டடத் தொழிலைப் பெருந்திரள் உற்பத்தியோடு ஒப்பிட்டார். தொழிற்சாலையில் வேலை செய்யும் முறையை அலுவலகம் திட்டமிட்டுக் காகிதமாக அனுப்புகிறது. கட்டடத் தொழிலில் ஒப்பந்தம் வேண்டிய பொருளை மட்டும் சொல்கிறது. எப்படிச் செய்வது என்பது கைதேர்ந்த தொழிலாளியின் பயிற்சியில் இருக்கிறது. வேலையின் அளவும் வகையும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் நிரந்தர எழுத்தர் கூட்டத்தை வைத்திருப்பது கட்டாது என்று அவர் காரணம் காட்டினார். தொழில்திறன் அங்கே உயர்ந்து நிற்கிறது; கோப்பும் படிநிலையும் மெலிந்து கிடக்கின்றன. 1963இல் ரிச்சர்ட் ஹால் பண்புகளைத் தனித்தனி அளவைகளாக்கி அளந்தபோதும், அவை ஒருசேர ஏறி இறங்கவில்லை; தொழில்தகுதி மற்றவற்றோடு ஒட்டாமல் விலகி நின்றது. தனித்தனியே கூடவும் குறையவும் கூடியவை என்பதால்தான் இவற்றைத் தனித்தனியே அடையாளம் காணச் சொல்வது நியாயமாகிறது.

இன்னொரு எல்லையும் உண்டு. எழுதி வைத்திருப்பதால் மட்டும் ஒன்று விதியாகிவிடாது. ஆல்வின் கூல்ட்னர் ஆராய்ந்த ஜிப்சம் நிறுவனத்தில் புகைபிடிக்கத் தடை இருந்தது. காப்பீட்டு நிறுவனம் வெளியிலிருந்து சுமத்திய தடை. காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வரும் நாள் தவிர மற்ற நாட்களில் நிர்வாகமும் அதைப் பொருட்படுத்தவில்லை, தொழிலாளரும் பொருட்படுத்தவில்லை. 1954இல் வெளியான நூலில் கூல்ட்னர் அதைப் பெயரளவு விதி என்று வகைப்படுத்தினார். பலகையில் உள்ள வாசகத்தை மட்டும் தந்துவிட்டு ‘எந்தப் பண்பு?’ என்று கேட்கும் வினா இதைப் பார்க்கத் தவறுகிறது. மீறினால் என்ன நடக்கிறது என்பதையும் அது சொல்ல வேண்டும்.

வினா அமைப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பால்கன் நிகழ்வை முழுதாகத் தந்து கீழே விதி, அதிகார வரம்பு, ஆள்சாராமை, இலக்கு இடப்பெயர்ச்சி என நான்கு தெரிவுகள் இட்டால் நான்குமே நிகழ்வுக்குப் பொருந்தும். அவற்றுள் கடைசியானது பண்பே அன்று. விதியைக் காப்பதே நோக்கமாகி, விதி எதற்கென்று இருந்ததோ அது மறைந்துபோகும் விளைவு. மெர்ட்டன் காட்ட விரும்பியதும் அதையே. நிகழ்வை முழுதாகத் தருவதற்குப் பதிலாக, ‘லிட்டில் அமெரிக்கா அமெரிக்க மண்ணா என்று தீர்மானிக்கத் தனக்கு உரிமை இல்லை என அலுவலகம் கூறியது’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் தந்து, விதி, படிநிலை, அதிகார வரம்பு, ஆள்சாராமை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், விடை ஒன்றுதான்.