ஃபோர்குளோசர் விண்ணப்பம்

தவணைக்காலம் முடியும் முன்பே கடனை மொத்தமாக அடைக்க விரும்புபவர், கட்ட வேண்டிய தொகையின் கணக்கையும் கட்டியபின் திரும்பி வர வேண்டிய ஆவணங்களையும் கேட்டு வங்கிக்கு எழுதுவது ஃபோர்குளோசர் விண்ணப்பம். வீட்டுக்கடன் உள்ளிட்ட தனிநபர் கடன்கள் முழுதாக அடைபட்ட 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மீதான பதிவையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. வங்கியின் தவறால் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. சட்டமே கெடு விதித்திருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்கலாம். கெடு ‘முழுதாக அடைபட்ட’ நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அந்த நாள் எது என்பதில்தான் வழக்கே வருகிறது. அதை ஐயமின்றி நிலைநாட்டுவதே இந்த விண்ணப்பத்தின் முதல் வேலை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 5ஆம் தேதித் தவணைக்குப் பின் அசல் பாக்கி 12 லட்சம், வட்டி 9 சதவீதம் என்று கொள்வோம். ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 296 ரூபாய். 20ஆம் தேதிக்கு என்று வங்கி தரும் அறிக்கையில் பதினைந்து நாள் வட்டி சேர்ந்து 12,04,438 ரூபாய் இருக்கும். காசோலை 22ஆம் தேதிதான் பணமானால் 592 ரூபாய் குறைகிறது. கணக்கு முடியாது, கெடுவும் தொடங்காது. ஆகவே கடன் கணக்கு எண், கடன்தாரர் மற்றும் இணைக் கடன்தாரர் பெயர், பணம் கட்டப்போகும் தேதி ஆகியவற்றுடன், அசல், வட்டி, கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகவும், தேதி தள்ளினால் நாளொன்றுக்குக் கூடும் வட்டியையும் கேட்க வேண்டும். இடையில் தானாகப் பிடிக்கப்படும் தவணையை எப்படி ஈடுகட்டுவார்கள் என்பதையும் எழுத்தில் பெறுவது நல்லது. தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு வங்கிகள் முன்முடிப்புக் கட்டணம் வசூலிக்க 2012 முதலே தடை இருப்பதால், அறிக்கையில் அப்படி ஒரு வரி வந்தால் அதை அப்போதே மறுக்கலாம்.

வங்கிச் செயலியிலேயே அறிக்கை கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். செயலி தொகையைச் சொல்லும். எந்தெந்தப் பத்திரங்கள் வங்கியிடம் உள்ளன, எந்தக் கிளையில் பெறலாம் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. கடன் வாங்கியபோது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை விண்ணப்பத்தோடு இணைத்து, மூலப் பத்திரங்கள், பாக்கியில்லாச் சான்று, கணக்கு முடிவு அறிக்கை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டால், தொலைந்த தாள் எதுவென்று பின்னால் தகராறு வராது. அப்படி ஒன்று தொலைந்திருந்தால் நகல் எடுக்க வங்கி உதவி, செலவையும் ஏற்க வேண்டும்; அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. தமிழ்நாட்டில் பத்திர ஒப்படைப்பு சார்பதிவாளரிடம் பதிவாகியிருந்தால், வங்கி ரசீது ஆவணம் எழுதித் தந்து அதுவும் பதிவாக வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் விஷயம் முடிந்தது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்; சொத்தை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும்.