நெருப்புப் பீடமும் திருச்சிலுவையும்

சென்னைப் பரங்கிமலையின் உச்சியிலுள்ள ஆலயத்தில் பழைமையான கற்சிலுவை ஒன்று போற்றப்பட்டு வருகிறது. 1547-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அங்கு ஆலயம் எழுப்புவதற்காக நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டது அது. திருப்பயணமாக அம்மலைக்குச் சென்று வந்த நம்மில் சிலர், அச்சிலுவையைச் சுற்றி வளைவாகச் செல்லும் எழுத்துகளைக் கண்டிருப்போம். அவை தமிழும் அல்ல, இலத்தீனும் அல்ல. பண்டைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் அவை. நெருப்பைப் புனிதமாகப் போற்றிய மன்னர்களின் அரசவையில் வழங்கிய மொழி, கிறிஸ்துவின் சிலுவையைச் சுற்றி எழுதப்பட்டது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உரோமைப் பேரரசுக்கு நிகராக நின்ற சசானியர் என்னும் அரச குலத்தின் வரலாற்றை நாம் நோக்க வேண்டும்.

பெந்தகோஸ்து நாளன்று எருசலேமில் கூடியிருந்த மக்களுள் பார்த்தரையும் மேதரையும் எலாமியரையும் திருத்தூதர் பணிகள் நூல் முதலில் குறிப்பிடுகிறது. அக்காலத்தில் பாரசீக நிலம் பார்த்தரின் ஆட்சியில் இருந்தது. அவர்களுடைய பேரரசு பரந்ததே ஆயினும் இறுகக் கட்டப்பட்டதன்று. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சிற்றரசன் இருந்தான். அவன் தன் பெயரில் நாணயம் அடிப்பதும் உண்டு. பேரரசன் வலிமை குன்றினால் திறை நின்றுவிடும். இத்தகைய சிற்றரசர்களுள் ஒருவனாகத் தென்பாரசீகத்தில் எழுந்தவன் அர்தஷீர். அவனுடைய முன்னோனாகிய சாசான் என்பவனின் பெயராலேயே அக்குலம் சசானியர் எனப்பட்டது. அண்டை அரசுகளை ஒவ்வொன்றாக வென்ற அர்தஷீர், 224-ஆம் ஆண்டில் ஹொர்மொஸ்தகான் போர்க்களத்தில் பார்த்தரின் கடைசிப் பேரரசனாகிய அர்த்தபானைக் கொன்று, மன்னர்மன்னன் என்னும் பட்டத்தைத் தனதாக்கிக் கொண்டான்.

வென்றவர் பலர், வென்றதை நிலைநிறுத்தியவர் சிலரே. அர்தஷீரும் அவன் மகன் முதலாம் ஷாப்பூரும் பழைய சிற்றரசர்களை அகற்றிவிட்டுத் தம் மைந்தரையும் உறவினரையும் நாடுகளின் தலைவராக்கினர். புதிய நகரங்களை நிறுவித் தம் பெயரையே அவற்றுக்குச் சூட்டினர். யூப்ரத்தீசு, தைகிரிசு ஆறுகளுக்கிடையே வாய்க்கால்கள் பெருகின, விளைச்சல் பெருகியது, வரி, தைகிரிசுக் கரையிலிருந்த தெசிபோன் என்னும் தலைநகரின் கருவூலத்தை வந்தடைந்தது.

அவர்கள் வெளியிட்ட வெள்ளிக்காசு இம்மாற்றத்தை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள மெல்லிய காசு அது. ஒருபுறம் முடியணிந்த மன்னனின் முகம். மறுபுறம் எரியும் நெருப்புப் பீடம். அரசும் மறையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை உழவனும் வணிகனும் தம் உள்ளங்கையிலேயே கண்டனர். மூன்றாம் நூற்றாண்டின் நெருக்கடியில் உரோமையின் வெள்ளிக்காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழே இறங்கியது. பாரசீகக் காசோ பெரும்பாலும் தூய வெள்ளியாகவே நின்றது.

இவ்வலிமையை உரோமை விரைவில் உணர்ந்தது. 260-ஆம் ஆண்டில் எதேசா நகரருகே நடந்த போரில் பேரரசன் வலேரியன் முதலாம் ஷாப்பூரிடம் சிறைப்பட்டான். உரோமைப் பேரரசன் ஒருவன் பகைவர் கையில் உயிருடன் அகப்பட்டது அதுவே முதன்முறை. நக்ஷி ருஸ்தம் என்னுமிடத்தில் மூன்று மொழிகளில் பொறித்த கல்வெட்டில் ஷாப்பூர் இவ்வெற்றியைப் பெருமையோடு பதிவு செய்திருக்கிறான். அம்மொழிகளுள் ஒன்று கிரேக்கம் என்பது கருதத்தக்கது.

இவ்வெற்றியின் வேறொரு விளைவை அவன் எண்ணியிருக்க மாட்டான். அந்தியோக்கியா முதலிய நகரங்களிலிருந்து பெருந்திரளான மக்களை அவன் சிறைப்பிடித்துத் தன் நாட்டில் குடியேற்றினான். அவர்களுக்காக எழுந்த குந்தேஷாப்பூர் நகருக்கு, 'ஷாப்பூர் அமைத்த, அந்தியோக்கியாவினும் மேலான நகர்' என்னும் பொருளில் பெயரிட்டான். கொத்தர், நெசவாளர், பொறியாளர் ஆகியோரின் திறமையே அவனுக்கு வேண்டியிருந்தது. ஷுஷ்தர் நகரில் இன்றும் சிதைந்து நிற்கும் அணைப்பாலம், உரோமைக் கைதிகளின் கைவேலை என்றே அங்குள்ள மரபு கூறுகிறது. ஆனால் அந்தியோக்கியாவோ, சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர் எனப் பெயர் பெற்ற நகர். அங்கிருந்து வந்த கைதிகளுள் கிறிஸ்தவரும் இருந்தனர். அவர்களோடு ஆயர் தெமேத்திரியுவும் வந்தார் என்று கீழைத் திருச்சபையின் மரபு உரைக்கிறது. பாரசீகத்தில் முன்னரே சிறு அளவில் வேரூன்றியிருந்த நம் விசுவாசத்துக்கு, பேரரசனின் படையே புதிய நாற்றுகளைக் கொணர்ந்து நட்டது எனலாம்.

அரசும் மறையும் ஒன்றாய் நின்ற நாட்டில் பிற சமயத்தார் என்றும் அச்சமின்றி வாழ்ந்தனர் என்று சொல்லிவிட இயலாது. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கர்தீர் என்னும் தலைமைக் குரு, தான் ஒடுக்கிய சமயத்தாரின் பட்டியலைக் கல்லில் பொறித்தான். அதில் கிறிஸ்தவரும் உள்ளனர். ஆயினும் அப்போது உரோமையிலும் கிறிஸ்தவர் துன்புறுத்தப்பட்டனர். எனவே பாரசீகக் கிறிஸ்தவனை எவரும் உரோமையின் ஆள் எனக் கருதவில்லை.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. கான்ஸ்டன்டைன் கிறிஸ்துவை ஏற்றார். தம்மைக் கிறிஸ்தவர் அனைவருக்கும் காவலராகக் கருதிய அவர், பாரசீகத்திலுள்ள கிறிஸ்தவரைப் பேணுமாறு இரண்டாம் ஷாப்பூருக்கு ஒரு மடல் எழுதினார். வரலாற்றாசிரியரான ஆயர் யூசேபியு அதனை நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். மடலின் நோக்கம் நன்றே. ஆனால் பெற்றவனின் இடத்தில் நம்மை வைத்து எண்ணுவோம். பகைநாட்டு மன்னன், என் குடிகளுள் ஒரு பகுதியினரைத் தன்னுடையவர் எனக் கூறுகிறான். 337-ஆம் ஆண்டில் என்மீது படையெடுக்க ஆயத்தமாகும் வேளையில் அவன் இறந்தும் போகிறான். இந்நிலையில் மன்னனின் உள்ளத்தில் எழுவது நன்றியா, ஐயமா?

ஷாப்பூருக்குப் போருக்குப் பொருள் தேவைப்பட்டது. கிறிஸ்தவர்மீது இரட்டிப்பு வரி விதித்து, அதைத் தண்டித் தருமாறு தலைநகரின் ஆயர் சிமியோன் பார்சபாவுக்குக் கட்டளையிட்டான். தம் மக்கள் வறியவர் என்றும், தாம் மேய்ப்பரேயன்றி வரி தண்டுபவர் அல்லர் என்றும் ஆயர் மறுத்தார் எனச் சிரியாக் மொழியிலுள்ள மறைசாட்சியர் வரலாறுகள் கூறுகின்றன. நம் நாட்டில் வாழ்ந்துகொண்டு சீசரின் பக்கம் நிற்கிறார்கள் என்பதே மன்னனின் குற்றச்சாட்டு. ஏறத்தாழ நூறு துணைவரோடு ஆயர் பெரிய வெள்ளிக்கிழமையன்று தலை வெட்டுண்டார். அது 341-ஆம் ஆண்டு என்பர் சிலர். 344 என்பர் வேறு சிலர். 379-இல் ஷாப்பூர் இறக்கும் வரை மறைசாட்சியரின் குருதி சிந்தப்பட்டது.

எல்லைப்புற மக்களும் இப்போட்டியின் சுமையைத் தாங்கினர். நிசிபிஸ் கோட்டை நகரை ஷாப்பூர் மும்முறை முற்றுகையிட்டும் பெற இயலவில்லை. 363-ஆம் ஆண்டில் பாரசீகத்தின்மீது படையெடுத்துச் சென்ற ஜூலியன் போரில் மடிய, அவருக்குப்பின் வந்த யோவியன் உடன்படிக்கை செய்து அந்நகரைக் கையளித்தார். கிறிஸ்தவ மக்கள் தம் இல்லங்களைத் துறந்து வெளியேறினர். அவர்களோடு எதேசாவுக்குச் சென்ற திருத்தொண்டர் ஒருவரை நாம் அறிவோம். அவரே பாடல்களால் திருச்சபையை வளப்படுத்திய புனித எப்ரேம்.

இம்முடிச்சு எவ்வாறு அவிழ்ந்தது? 410-ஆம் ஆண்டில் மன்னன் முதலாம் யஸ்தகெர்த் தன் நாட்டு ஆயர்களைத் தலைநகரில் சங்கமாகக் கூட்டினான். உரோமையின் தூதராக வந்த ஆயர் மாரூத்தா, மேற்கின் ஆயர்களுடைய மடல்களைக் கொணர்ந்தார். ஏறத்தாழ நாற்பது ஆயர்கள் நீசேயா சங்கத்தின் விசுவாச அறிக்கையை ஏற்று, தலைநகர் ஆயரைத் தம் முதல்வராக அறிவித்தனர். 424-இல் கூடிய மற்றொரு சங்கம், தங்கள் முதல்வர்மீது மேற்கின் ஆயர்களிடம் முறையிடலாகாது என்று தீர்மானித்தது. பிற்காலக் கிறிஸ்தியல் வாதங்களால் விளைந்த பிரிவுக்கு முன்பே இத்தீர்மானம் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. மன்னனின் ஆளாகாமலும் சீசரின் ஆளாகாமலும் வாழ வழிதேடிய மக்களின் முடிவு அது. இதன் பின்னரும் துன்பங்கள் நேர்ந்தன. யஸ்தகெர்த்தின் இறுதி நாள்களில் நெருப்புக் கோயில் ஒன்றை இடித்துவிட்டு, மீண்டும் கட்ட மறுத்த ஆயர் அப்தா கொல்லப்பட்டார். எனினும் பாரசீகத்தில் கிறிஸ்தவனாயிருப்பது இராஜதுரோகம் என்னும் எண்ணம் மெல்லத் தளர்ந்தது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சசானியரின் புகழ் உச்சிக்கு ஏறியது. இரண்டாம் கொஸ்ரோ 614-இல் எருசலேமைக் கைப்பற்றித் திருச்சிலுவையைத் தெசிபோனுக்குக் கொண்டு சென்றான். எகிப்தும் அவன் வசமாயிற்று. 626-இல் அவன் படை கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கு எதிர்க்கரையில் நின்றது. அவனுடைய அன்புக்குரிய அரசி ஷிரீனும், வரிப்பொறுப்பைச் சுமந்த அலுவலர் யஸ்தீனும் கிறிஸ்தவர் என்பது வியப்புக்குரியது.

வீழ்ச்சி உள்ளிருந்தே வந்தது. பழைய பார்த்த உயர்குடிகளைச் சசானியர் ஒருபோதும் முற்றாக அடக்கவில்லை. படையும் நிலமும் அவர்கள் கையில் இருந்தன. கால் நூற்றாண்டுப் போரில் கருவூலமும் பொறுமையும் தீர்ந்தன. 627-இல் ஹெராக்ளியஸ் நினிவே அருகே வென்றபோது உயர்குடிகள் மன்னனைக் கைவிட்டனர். 628-இல் கொஸ்ரோ கொல்லப்பட்டான். அவனுடைய மகள் போரான் அரியணையிலிருந்த 630-ஆம் ஆண்டில், உரோமைப் பேரரசனிடம் தூதராகச் சென்றவர் கீழைத் திருச்சபையின் முதல்வர் இரண்டாம் ஈசோயாப். முன்பு சீசரின் ஒற்றன் எனப் பழிக்கப்பட்ட ஆயரின் இருக்கையில் அமர்ந்தவர், இப்போது மன்னர்மன்னரின் அரசுக்காகச் சீசரிடம் பேசினார். அதே ஆண்டில் திருச்சிலுவை எருசலேமில் மீண்டும் நிறுவப்பட்டது. செப்டம்பர் 14-இல் நாம் கொண்டாடும் திருச்சிலுவை மகிமை விழா, இந்நிகழ்ச்சியையும் நினைவில் தாங்கி வருகிறது.

களைத்துப்போன இரு பேரரசுகளுக்கும் ஓய்வு கிட்டவில்லை. அரபுப் படைகளின் முன் தெசிபோன் 637-இல் வீழ்ந்தது. கடைசி மன்னன் மூன்றாம் யஸ்தகெர்த் கிழக்கே ஓடி, 651-இல் மெர்வ் நகரருகே கொலையுண்டான். அவனுடைய உடலை எடுத்து அடக்கம் செய்தவர் அந்நகரின் ஆயர் எலியா என்று அரபு வரலாறு கூறுகிறது. நெருப்புப் பீடத்தின் காவலனான கடைசி மன்னனுக்கு இறுதிக்கடன் ஆற்றியது, அவன் முன்னோரால் துன்புற்ற திருச்சபை.

பேரரசு மறைந்தும் அதன் மொழி மறையவில்லை. கடல் வழியே இந்தியக் கரைகளுக்கு வந்த பாரசீகக் கிறிஸ்தவர் அதைத் தம்மோடு கொணர்ந்தனர். மறைசாட்சிகள் பேசிய மொழியாகவும், அவர்களைத் தண்டித்த மன்னரின் மொழியாகவும் இருந்த அது, பரங்கிமலைக் கல்லில் சிலுவையைச் சுற்றி நிற்கிறது. அடுத்த முறை அங்குச் செல்லும்போது அவ்வெழுத்துகளின் முன் சற்று நின்று, சிமியோனையும் எலியாவையும் நினைவுகூர்வோமாக.