ஏப்ளாஸ்டிக் அனீமியா

'பிளாஸ்டிக்' என்பதன் கிரேக்க வேருக்கு உருவாக்குதல் என்று பொருள். முன்னொட்டான 'ஏ' அதை மறுக்கிறது. பால் எர்லிக் 1888இல் விவரித்த நோய்க்கு 1904இல் ஷொஃபார் இப்பெயரைச் சூட்டினார். 'அனீமியா' என்ற பாதிதான் குறையுடையது. குறைவது சிவப்பணு மட்டுமல்ல. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்தே சரிகின்றன. மூன்றுக்கும் மூலம் எலும்பு மஜ்ஜையின் குருத்தணு. பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே அதை அழிக்க, வெற்றிடத்தில் கொழுப்பு நிறைகிறது.

மூன்றும் குறைந்தாலே இந்நோய்தானா? இல்லை. ரத்தப் புற்றோ, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றோ மஜ்ஜையை ஆக்கிரமித்தாலும் எண்ணிக்கை அப்படியே விழும்; அங்கே விளைநிலம் தரிசாகவில்லை, களை மண்டியிருக்கிறது. அப்போது முதிராத வெள்ளையணுக்களும் கண்ணீர்த்துளி வடிவச் சிவப்பணுக்களும் ரத்தத்தில் தென்படலாம், மண்ணீரல் வீங்கலாம். ஏப்ளாஸ்டிக்கில் இவை வழக்கமில்லை. ஆனால் ரத்தத்தில் இவை இல்லை என்பதாலேயே புற்றில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சினால் போதாதா என்றால், இரண்டிலும் ஒன்றும் வராமல் போகக்கூடும். ஆகவே இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே தீர வேண்டும்: கொழுப்பு மிகுந்து அணுக்கள் அருகியிருந்தால் ஏப்ளாஸ்டிக், அந்நிய அணுக்கள் அடைத்திருந்தால் ஊடுருவல்.