மூணு ஆப்ஷன் கொடுத்தும் கஸ்டமர் குழம்புறாரா? விலையும் நாளும் பளிச்சுனு தெரியும்படி கொட்டேஷன் போடுவது எப்படி?

``எதுக்கும் வீட்ல பேசிட்டு சொல்றேங்க...''

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. நேரில் பேசும்போது கஸ்டமருக்கு எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால், முடிவு எடுக்கப்படுவது நீங்கள் கிளம்பிப்போன பிறகு, ராத்திரி சாப்பாட்டு மேசையில். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது நீங்கள் கொடுத்த கொட்டேஷன் பேப்பர் மட்டும்தான். அதில் மூன்று விலை இருந்து, எது ஏன் அதிகம் என்று புரியவில்லை என்றால், அவர்கள் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். குறைந்த தொகை எதுவோ, அது ஜெயிக்கும். அது உங்களுடையதாக இல்லாமல் பக்கத்துத் தெருக்காரருடையதாகவும் இருக்கலாம்.

கொட்டேஷனில் விலையும் காலக்கெடுவும் வரும் அந்த ஒரு பக்கத்தை எப்படி அமைப்பது? ஒரு கிச்சனையே உதாரணமாக எடுத்துப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பொதுவானதை வெளியே எடுங்கள்

பலரும் செய்வது இதுதான். `ஆப்ஷன் 1' என்று ஒரு பக்கம், `ஆப்ஷன் 2' என்று இன்னொரு பக்கம், ஒவ்வொன்றிலும் பதினைந்து வரி. கஸ்டமர் மூன்று பக்கத்தையும் புரட்டி, எந்த வரி மாறியிருக்கிறது என்று அவரே தேட வேண்டும். யாரும் தேடுவதில்லை.

அதனால், மூன்றுக்கும் பொதுவாக இருப்பதை மேலே ஒரே பத்தியாக எழுதிவிடுங்கள். நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கும்: `எல் வடிவக் கிச்சன். கீழ் கேபினட் 45 சதுர அடி, மேல் கேபினட் 24 சதுர அடி, மொத்தம் 69 சதுர அடி. அளவு, கேபினட்டின் முன்பக்க அகலத்தை உயரத்தால் பெருக்கியது. மூன்று டிராயர்கள். கிரானைட், டைல்ஸ், சிம்னி, பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் வேலைகள் எந்த ஆப்ஷனிலும் சேராது.'

கடைசி வாக்கியத்தைச் சின்ன எழுத்தில் கீழே ஒளித்துவைக்காதீர்கள். `கிரானைட்டும் இதுலயே வருதுனு நெனச்சோமே' என்கிற சண்டை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அளக்கும் முறையையும் கட்டாயம் எழுதுங்கள். சதுர அடிக்கு 1,300 ரூபாய் என்று இருவர் சொன்னாலும், ஒருவர் முன்பக்கத்தை மட்டும் அளந்து, இன்னொருவர் பக்கவாட்டுப் பலகையையும் சேர்த்து அளந்தால், மொத்தத் தொகை ஒன்றாக இருக்காது.

வித்தியாசம் மட்டும் அட்டவணைக்குள்

பொதுவானது வெளியே போய்விட்டதால், அட்டவணையில் மாறுகிற விஷயங்களும் தொகையும் மட்டுமே மிஞ்சும்.

| | ஆப்ஷன் 1 | ஆப்ஷன் 2 | ஆப்ஷன் 3 |
|---|---|---|---|
| பாக்ஸ் | பி.டபிள்யூ.ஆர் பிளைவுட் | ஐ.எஸ் 710 பிளைவுட் | ஐ.எஸ் 710 பிளைவுட் |
| கதவு | லேமினேட் | லேமினேட் | அக்ரிலிக் |
| ஹார்ட்வேர் | சாதா கீல், சேனல் டிராயர் | சாஃப்ட் குளோஸ் கீல், டான்டம் டிராயர் | ஆப்ஷன் 2-ல் உள்ளவை + மூலை கரோசல் |
| மர வேலை | ரூ.90,000 | ரூ.1,12,000 | ரூ.1,50,000 |
| ஹார்ட்வேர் விலை | ரூ.22,000 | ரூ.38,000 | ரூ.58,000 |
| வண்டி, ஃபிட்டிங் | ரூ.12,000 | ரூ.12,000 | ரூ.12,000 |
| ஜி.எஸ்.டி 18% | ரூ.22,320 | ரூ.29,160 | ரூ.39,600 |
| கையிலிருந்து போவது | ரூ.1,46,320 | ரூ.1,91,160 | ரூ.2,59,600 |
| வேலை நாள் | 25 | 30 | 40 |

மூன்று ஆப்ஷனிலும் வரிசை ஒன்றுதான், வார்த்தைகளும் ஒன்றுதான். ஒன்றில் `கீல்', இன்னொன்றில் `ஹிஞ்ச்' என்று எழுதினால், இரண்டும் வேறு வேறு பொருள் என்றே கஸ்டமர் நினைப்பார். `நல்ல குவாலிட்டி பிளைவுட்', `பிராண்டட் ஹார்ட்வேர்' போன்ற வார்த்தைகளும் வேண்டாம். என்ன கிரேடு, எந்த பிராண்ட், எத்தனை எண்ணம் என்று எழுதுங்கள். `அல்லது அதற்கு இணையான' என்று போட வேண்டிய கட்டாயம் இருந்தால், இணையான அந்த பிராண்டின் பெயரையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி-யை `எக்ஸ்ட்ரா' என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். ஆப்ஷன் 2-ல் அந்த `எக்ஸ்ட்ரா' 29,160 ரூபாய். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுபவருக்கு அது சின்னத் தொகை இல்லை. நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்தவர் என்றால், கஸ்டமரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. உங்கள் அட்டவணையில் அந்த வரியே இருக்காது, மொத்த விலை மட்டும்தான்.

கூடுதல் பணம் எங்கே போகிறது?

அட்டவணைக்குக் கீழே இரண்டே வாக்கியம் எழுதுங்கள்.

`ஆப்ஷன் 1-லிருந்து 2-க்குப் போனால் வரியோடு ரூ.44,840 கூடும். சிங்க் அடியில் தண்ணீர் கசிந்தாலும் பாக்ஸ் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். கதவும் டிராயரும் இடிக்காமல் மெதுவாக மூடும்.'

`ஆப்ஷன் 2-லிருந்து 3-க்குப் போனால் ரூ.68,440 கூடும். இது பெரும்பாலும் பளபளப்புக்கும் மூலை இடத்தைப் பயன்படுத்துவதற்கும்தான். பாக்ஸ் அதே பலகைதான்.'

இரண்டாவது வாக்கியத்தை எழுத நிறைய பேருக்குக் கை வராது. `விலை அதிகமானதை நாமே குறைச்சு சொல்லணுமா?' என்று தோன்றும். ஆனால், ஆப்ஷன் 3 வாங்கியவர் ஒரு வருடம் கழித்து, `பலகை ரெண்டுலயும் ஒண்ணுதானாமே' என்று வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, இன்றே உங்கள் பேப்பரில் படிப்பது மேல்.

மர வேலையையும் ஹார்ட்வேரையும் தனித்தனி வரியாகப் பிரித்ததில் இன்னொரு வசதியும் உண்டு. ``பலகை முதல் ஆப்ஷனே போதும்ங்க, ஹார்ட்வேர் மட்டும் ரெண்டாவதுல இருக்கிறது வேணும்'' என்று கஸ்டமர் கேட்பார். அப்போது 90,000 + 38,000 + 12,000, ஆக 1,40,000; வரியோடு 1,65,200 ரூபாய். அங்கேயே சொல்லிவிடலாம். மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தால், `கணக்குப் போட்டுட்டு நாளைக்கு சொல்றேன்' என்று கிளம்ப வேண்டியதுதான்.

லாஃப்ட் கதவு, டால் யூனிட் போன்றவற்றை மூன்று ஆப்ஷனுக்குள் திணிக்காமல், `வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்' என்று தனிப் பட்டியலாகக் கொடுங்கள். ஒன்றில் லாஃப்ட் இருந்து மற்றதில் இல்லாவிட்டால், ஒப்பிடவே முடியாது.

30 நாள்னா எந்த 30 நாள்?

விலையைவிட அதிகம் மனஸ்தாபம் வருவது நாள் கணக்கில்தான். `30 நாளில் முடித்துத் தருகிறோம்' என்றால், கஸ்டமர் அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து காலண்டரில் எண்ணுவார். நீங்களோ டைல்ஸ் ஒட்டி, இறுதி அளவு எடுக்கச் சுவர் தயாரான நாளிலிருந்து, ஞாயிறு நீங்கலாக எண்ணுவீர்கள்.

ஆகவே மூன்று விஷயத்தை எழுதுங்கள். முதலாவது, நாள் எப்போது தொடங்கும்: `புக்கிங் தொகை வந்து, டைல்ஸ் வேலையும் முடிந்த மறுநாள் முதல்.' இரண்டாவது, வேலை நாளா, காலண்டர் நாளா? 30 வேலை நாள் என்பது ஞாயிறுகளோடு சேர்த்து 35 நாள். மூன்றாவது, யார் கையில் எத்தனை நாள். ஆப்ஷன் 2-ஐ இப்படிப் பிரிக்கலாம்: அளவும் டிராயிங்கும் 5 நாள், டிராயிங்கைப் பார்த்து நீங்கள் ஓகே சொல்ல 3 நாள், பட்டறையில் 18 நாள், வீட்டில் ஃபிட்டிங் 4 நாள். அந்த 3 நாள் கஸ்டமருடையது. கலர் முடிவு செய்ய அவர் பத்து நாள் எடுத்துக்கொண்டால் முடியும் தேதியும் ஏழு நாள் தள்ளும் என்பது அதைப் படித்தாலே புரிந்துவிடும்.

மற்ற ஆப்ஷன்களில் மாறுவது பட்டறை, ஃபிட்டிங் நாள்கள்தான். ஆப்ஷன் 1-க்குப் பட்டறையில் 14, ஃபிட்டிங் 3. ஆப்ஷன் 3-க்குப் பட்டறையில் 28, ஃபிட்டிங் 4. அக்ரிலிக் கதவை வெளியே ஆர்டர் கொடுத்து வரவழைப்பதாக இருந்தால், அந்தக் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

கிரகப்பிரவேசத் தேதியிலிருந்து பின்னோக்கி

கஸ்டமர் மனதில் இருப்பது `எத்தனை நாள்' என்ற கேள்வி அல்ல; `பால் காய்ச்சறதுக்குள்ள முடியுமா?' என்பதுதான். அதனால் அட்டவணையின் கடைசியில் இன்னொரு வரி சேருங்கள்: `எந்தத் தேதிக்குள் புக்கிங் வேண்டும்.'

கிரகப்பிரவேசம் பிப்ரவரி 5 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பொங்கல் வருகிறது. ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்ப 5 நாள், சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு 3 நாள் என்று 8 நாள் ஒதுக்குங்கள். ஆப்ஷன் 2-க்கு 35 + 8, ஆக 43 நாள். பிப்ரவரி 5-லிருந்து பின்னால் எண்ணினால் டிசம்பர் 24. இதேபோல ஆப்ஷன் 1-க்கு 37 நாள், டிசம்பர் 30. ஆப்ஷன் 3-க்கு 55 நாள், டிசம்பர் 12. இந்தத் தேதிகளுக்குள் டைல்ஸ் வேலையும் முடிந்திருக்க வேண்டும் என்பதைக் கூடவே எழுதுங்கள்.

இப்போது `அக்ரிலிக் வேணும், ஆனா டிசம்பர் கடைசியிலதான் பணம் வரும்' என்பவருக்கு, அது நடக்காது என்பது பேப்பரிலேயே தெரிந்துவிடும். நீங்கள் மறுத்துப் பேச வேண்டியதில்லை.

பணமும் வேலையோடு நகரட்டும்

கட்டணத் தவணையைத் தேதியோடு கட்டாமல் வேலையின் கட்டத்தோடு கட்டுங்கள். ஆப்ஷன் 2-ல் புக்கிங் 10%, அதாவது ரூ.19,116; டிராயிங்குக்கு ஓகே சொன்னதும் 50%, ரூ.95,580, பொருள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் 30%, ரூ.57,348, வேலை முடித்துக் கொடுத்ததும் 10%, ரூ.19,116. சதவிகிதத்தோடு நின்றுவிடாமல் ரூபாயையும் எழுதினால், எப்போது எவ்வளவு புரட்ட வேண்டும் என்று குடும்பத்தில் திட்டமிடுவார்கள். கூடவே, `இந்த விலை 15 நாள் வரை' என்று ஒரு தேதி போடுங்கள். பலகை விலை ஏறினால் பழைய பேப்பரை யாரும் நீட்ட மாட்டார்கள்.

அனுப்பும் முன் ஒரு டெஸ்ட்

இந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாத, உங்கள் வீட்டில் உள்ள ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். `ரெண்டாவது ஆப்ஷன் ஏன் முதலாவதைவிட அதிகம்? மொத்தமா எவ்வளவு கொடுக்கணும்? எந்தத் தேதிக்குள்ள சரினு சொல்லணும்?'

உங்களைத் திரும்பக் கேட்காமல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் அனுப்பலாம். எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்களோ, அந்த வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள்.