ரெண்டு பரோட்டாதானே... எடை எப்படி ஏறுது? ஃபுட் டெலிவரி ஆப் போடும் மறைமுகக் கணக்கு

"நான் அப்படி ஒண்ணும் அதிகமா சாப்பிடறதில்லையே, ஆனா வெயிட் ஏறிக்கிட்டே போகுது." ஐடி வேலைக்குப் போகிற பலரும் சொல்வது இதுதான். பெரும்பாலும் அவர்கள் பொய் சொல்வதில்லை. சாப்பாட்டின் அளவு கூடாமலே கலோரி கூடிவிடுகிறது.

சென்னை ஓஎம்ஆரில் வேலை முடிந்து ராத்திரி 9.30 மணிக்கு அறைக்கு வரும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ரெண்டு பரோட்டாவும் சிக்கன் சால்னாவும் ஆர்டர் போடுகிறார். 'இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்று ஆப் சொல்கிறது. டெலிவரி காசை மிச்சம் பண்ண ரெண்டு குலாப் ஜாமூனையும் சேர்க்கிறார்.

தோராயமாகப் பார்த்தால் பரோட்டா 550 கலோரி, சால்னா 250, ஜாமூன் 300. மொத்தம் 1,100. அதே ஆள் வீட்டில் நாலு இட்லி, சாம்பார், சட்னி சாப்பிட்டிருந்தால் 400 கலோரிக்குள் முடிந்திருக்கும். இத்தனைக்கும் வயிறு நிறைவதில் பெரிய வித்தியாசம் இருக்காது!

வாரம் மூணு நாள் இப்படி என்றால் மாதத்துக்கு 8,400 கலோரி கூடுதல். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. இது காகிதக் கணக்குதான். மறுநாள் பசி குறையலாம், எடை ஏற ஏற உடல் செலவழிக்கும் சக்தியும் கூடும். அதனால் நிஜத்தில் ஏறுவது இதைவிடக் குறைவு. மெதுவாக ஏறுவதால்தான் பேன்ட் இறுகும் வரை தெரிவதில்லை.

எங்கே ஒளிந்திருக்கிறது?

முக்கியமாக எண்ணெயில். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் மட்டுமே சுமார் 120 கலோரி. பரோட்டா மாவு பிசையும்போது, வீசும்போது, கல்லில் போடும்போது என மூன்று இடத்தில் எண்ணெய் சேர்கிறது. வீட்டில் ஊற்றும்போது அளவு கண்ணுக்குத் தெரியும். டப்பாவில் வரும்போது தெரியாது.

சந்தேகம் இருந்தால் மிச்ச சால்னாவை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே எண்ணெய் ஏடு தனியாக நிற்கும். சூடு பண்ணும் முன் அதை ஸ்பூனால் எடுத்துவிடலாம். பரோட்டாவில் இந்த வழி இல்லை, எண்ணெய் அடுக்குக்குள்ளேயே ஊறிவிடும்.

கலோரியை ஆப்பிலேயே பார்க்க முடியுமா?

எல்லாக் கடைக்கும் முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைக் காட்ட வேண்டும். தெருமுனை பரோட்டா கடைக்கு இது பொருந்தாது. ஆப்பில் பழைய ஆர்டர்களைத் திறந்து போன மாதம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மனசில் இருக்கும் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு.

எடை மெஷின் இல்லாதவர்கள் டேப்பால் இடுப்பை அளக்கலாம். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.